கடன் வழக்காக மாறுவதற்கு முன்: மக்கள் நீதிமன்றமா, சமரச மையமா?

பிணையம் ஏதும் இல்லாமல் வங்கியில் தொழில் கடன் பெற்று, தவணைகள் நின்றுபோய், கணக்கு வாராக்கடனாக அறிவிக்கப்பட்ட ஒருவருக்கு, வழக்கு தொடரப்படுவதற்கு முன்பே இரண்டு விதமான அழைப்புகள் வரக்கூடும். ஒன்று, வட்ட சட்டப் பணிகள் குழு அல்லது மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு நடத்தும் மக்கள் நீதிமன்றத்துக்கான அழைப்பு. மற்றொன்று, வணிக நீதிமன்றங்கள் சட்டத்தின் 12அ பிரிவின்படி வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கான அழைப்பு. இரண்டும் பெரும்பாலும் ஒரே நீதிமன்ற வளாகத்திலிருந்து வருவதால், இரண்டையும் ஒன்றாகவே கருதிக் கையெழுத்திடுவோர் பலர். ஆனால் இவை தொடங்கும் விதமும், எடுத்துக்கொள்ளும் காலமும், முடிவில் கையில் தரும் ஆவணமும் வேறு வேறு.

மக்கள் நீதிமன்றத்துக்கு அடிப்படை 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம். நீதிமன்றத்துக்கு இன்னும் வராத தகராறையும் அது எடுத்துக்கொள்ளலாம். இரு தரப்பில் எவர் ஒருவரும் விண்ணப்பிக்கலாம் என்று அச்சட்டத்தின் 20ஆம் பிரிவு சொல்கிறது. கடன் வாங்கியவர்கள் பலர் இந்தக் கதவு வங்கிக்கு மட்டுமே திறக்கும் என்று நினைத்துக் காத்திருக்கிறார்கள். உண்மையில், கடன் கணக்கு எண்ணையும் கிளையின் பெயரையும் குறிப்பிட்டு, பேசித் தீர்க்க விரும்புவதாக எழுதிய சாதாரண மனுவைத் தங்கள் வட்டத்தின் சட்டப் பணிகள் குழு அலுவலகத்தில் கட்டணமின்றித் தாங்களே கொடுக்கலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு பாராமல் இலவச வழக்கறிஞர் உதவியும் அங்கேயே உண்டு. 15100 என்ற எண்ணில் அழைத்தும் விசாரிக்கலாம்.

12அ பிரிவின் சமரசமோ வழக்குத் தொடரப் போகிறவரின் கடமையாக எழுதப்பட்டது. வணிகத் தகராறு 3 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்டதாக இருந்து, அவசர இடைக்கால உத்தரவு எதுவும் கோரப்படாவிட்டால், சமரசத்தை முயன்று பார்க்காமல் வழக்கே தாக்கல் செய்ய முடியாது. இது கட்டாயம் என்பதை உச்ச நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் உறுதிசெய்தது. 20 லட்சமும் அதற்கு மேலும் உள்ள வங்கி நிலுவைகள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குச் சென்றுவிடுவதால், வங்கிக் கடனைப் பொறுத்தவரை இந்தச் சமரசம் நடைமுறையில் பயன்படும் இடம் 3 லட்சத்துக்கும் 20 லட்சத்துக்கும் இடைப்பட்ட தொழில் கடன்கள்தான். திருமணச் செலவுக்கு வாங்கிய தனிநபர் கடன் பொதுவாக இதற்குள் வராது. அதற்கு மக்கள் நீதிமன்றமே நெருங்கிய வழி.

வங்கி ஏன் வழக்குக்கு முன்பே பேச வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பேச்சின் போக்கு புரியும். தமிழ்நாட்டில் பண வழக்குக்குக் கோரும் தொகையில் 3 சதவீதம் நீதிமன்றக் கட்டணம். 6 லட்சத்துக்கு வழக்கு என்றால் வங்கி 18,000 ரூபாய் முதலிலேயே கட்ட வேண்டும். அதைவிட முக்கியமானது காலவரம்பு. பிணையமற்ற கடனை மீட்க வழக்குத் தொடர மூன்று ஆண்டுகளே உண்டு. 12அ சமரசத்தில் செலவாகும் நாட்கள் அந்த மூன்று ஆண்டுக் கணக்கிலிருந்து கழிக்கப்படும் என்று சட்டமே சொல்வதால், அங்கே வங்கிக்குப் பதற்றம் குறைவு. மக்கள் நீதிமன்றத்துக்கான வழக்குக்கு முந்தைய விண்ணப்பத்தை இந்தப் பாதுகாப்புடன் வங்கிகள் கருதுவதில்லை; எனவே காலவரம்பு நெருங்கும் கணக்குகளில் அவை விரைவாகவும் கூடுதல் தள்ளுபடியுடனும் முடிக்க முன்வருவதைக் காணலாம்.

இதே காலவரம்பில்தான் கடன் வாங்கியவருக்கான பள்ளமும் இருக்கிறது. மூன்று ஆண்டு முடிவதற்குள் நிலுவையை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையெழுத்திட்டால், அன்றிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு தொடங்கும். முடிந்த பிறகும்கூட, காலங்கடந்த கடனைத் தருகிறேன் என்று எழுதிக் கையெழுத்திட்ட வாக்குறுதியை ஒப்பந்தச் சட்டம் செல்லும் என்றே ஏற்கிறது. ஆகவே மனுவிலோ, வங்கி நீட்டும் தாளிலோ ஒரு தொகையை 'நான் தர வேண்டியது' என்று எழுதுவதற்கு முன், கடைசியாகப் பணம் கட்டிய நாளையும் கடைசியாகக் கையெழுத்திட்ட கடிதத்தின் நாளையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி இரண்டிலும் நடப்பது என்ன என்று பார்க்கலாம். தேசிய மக்கள் நீதிமன்றம் ஆண்டுக்கு நான்கு முறை, பெரும்பாலும் சனிக்கிழமையில், நாடு முழுவதும் ஒரே நாளில் நடக்கிறது. அன்று ஒரே அமர்வின் முன் ஏராளமான வங்கிக் கோப்புகள் இருக்கும். ஒரு கோப்புக்குச் சில நிமிடங்களே கிடைக்கும். அந்த அமர்வுக்கு யார் சொல்வது சரி என்று தீர்ப்பளிக்கும் அதிகாரம் கிடையாது. இரு தரப்பும் ஒப்புக்கொண்டதைப் பதிவு செய்வதே அதன் வேலை என்று உச்ச நீதிமன்றம் 2008இல் தெளிவுபடுத்தியது. எனவே வட்டி தவறாகப் போடப்பட்டுள்ளது என்பது உங்கள் வாதமானால், அதை ஆராய அங்கே நேரமும் இல்லை, அதிகாரமும் இல்லை. ஆனால் தள்ளுபடி தர அதிகாரம் பெற்ற வங்கி அலுவலர் அன்று நேரில் வந்திருப்பார் என்பது அதன் பெரிய பலம். தொகை பற்றித் தகராறு இல்லை, கையில் பணமும் இருக்கிறது என்றால் ஒரே நாளில் எல்லாம் முடிந்துவிடும்.

சமரசத்தில் வங்கி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் 1,000 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கும். எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு செல்லும். பதில் இல்லையென்றால் இறுதி அறிவிப்பு. அதற்கும் வராவிட்டால் சமரசம் தொடங்கவில்லை என்று அறிக்கை தரப்பட்டு, வங்கிக்கு வழக்கின் வாசல் திறந்துவிடும். வந்தால், பயிற்சி பெற்ற சமரசர் ஒருவர் முன் பல அமர்வுகள் நடக்கும்; மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும், இருவரும் இசைந்தால் இன்னும் இரண்டு மாதம். 3 முதல் 10 லட்சம் வரையிலான தகராறுக்குச் சமரசக் கட்டணம் 15,000 ரூபாய், சரிபாதியாகப் பகிரப்படும். கணக்குப் பட்டியலை வரிவரியாகப் பார்க்க நேரம் கிடைப்பது இங்கேதான். அசல், வட்டி, அபராதக் கட்டணம் ஆகியவற்றைப் பிரித்துக் காட்டும்படி கேட்க வேண்டும். அபராதக் கட்டணத்தை அசலில் சேர்த்து அதற்கும் வட்டி போடக் கூடாது என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2024 முதல் நடைமுறையில் உள்ளது. பழைய கணக்குகளில் இந்தப் பிழை தென்பட்டால், அதுவே பேச்சின் முதல் பொருளாகலாம். இங்கே பலவீனம் எதுவென்றால், முடிவெடுக்கும் அதிகாரம் இல்லாத அலுவலரையோ வழக்கறிஞரையோ மட்டும் வங்கி அனுப்பிவிடுவது. முதல் அமர்விலேயே அதைக் கேட்டு, அதிகாரமுள்ளவர் வர வேண்டும் என்று சமரசர் வழியாக வற்புறுத்தாவிட்டால் மாதங்கள் வீணாகும்.

ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். அச்சகம் நடத்துபவர் ஒருவருக்கு 8 லட்சம் தொழில் கடன். இப்போதைய நிலுவை 6,40,000: அசல் 5,10,000, வட்டி 98,000, அபராதம் 32,000. மக்கள் நீதிமன்ற நாளில் வங்கி 4,80,000க்கு முடித்துக்கொள்ளச் சம்மதிக்கிறது. அன்றே 1,20,000, மீதி 3,60,000 மூன்று மாதத்தில். சமரசத்தில் அதே வங்கி 5,40,000 கேட்கிறது. முன்பணம் 60,000, பிறகு மாதம் 20,000 வீதம் 24 தவணை. கட்டணத்தில் அவர் பங்கான 7,500ஐயும் சேர்த்தால் சமரசம் 67,500 ரூபாய் அதிகம். தாளில் முதலாவதே மலிவு. ஆனால் அவரது அச்சகம் மாதம் 22,000க்கு மேல் மிச்சம் பிடிக்காது. மூன்று மாதத்தில் 3,60,000 என்பது இன்னொரு கடன் வாங்கினால் மட்டுமே நடக்கும்.

அவர் மலிவானதைத் தேர்ந்தெடுத்து, முதல் தொகையைக் கட்டி, அடுத்ததைத் தவறவிட்டால் என்ன ஆகும்? மக்கள் நீதிமன்றத் தீர்வு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது, மோசடி போன்ற மிகக் குறுகிய காரணங்களுக்கு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு மட்டுமே வழி. தவறினால் தள்ளுபடி ரத்தாகி முழு நிலுவையும் வட்டியுடன் செலுத்த வேண்டும் என்ற வாசகத்தை வங்கிகள் வழக்கமாகச் சேர்க்கின்றன. அப்படியானால் அவர் 5,20,000க்கும் அதன் வட்டிக்கும் நேரடியாக நிறைவேற்று மனுவைச் சந்திப்பார். சாட்சி விசாரணை, எதிர்வாதம் எதுவும் இல்லாமல், வழக்கே நடக்காமல் தீர்ப்பாணை வந்துவிட்ட நிலை அது. அதை நிறைவேற்ற வங்கிக்கு 12 ஆண்டு அவகாசம் உண்டு.

12அ சமரச உடன்பாடும் லேசானதன்று. ஒப்புக்கொண்ட நிபந்தனைகளின்மேல் வழங்கிய நடுவர் தீர்ப்புக்குரிய மதிப்பு அதற்கு உண்டு. அதையும் நேரடியாக நிறைவேற்றலாம். எனினும் நடுவர் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி, வரையறுத்த காரணங்களுக்காக மூன்று மாதத்துக்குள் எதிர்க்க ஓர் இடம் இருக்கிறது. அதைவிடப் பெரிய வேறுபாடு, தவணை தவறுவது குறித்த வாசகத்தைப் பேசித் திருத்த அங்கே நேரம் இருப்பது: தொடர்ந்து இரண்டு தவணை தவறினால் மட்டுமே முறிவு, அதற்கு முன் 15 நாள் எழுத்து அறிவிப்பு, முறிந்தாலும் கட்டிய தொகை முதலில் அசலில் வரவு என எழுதிக்கொள்ளலாம். என் கணிப்பில், அச்சகக்காரருக்குக் கூடுதல் 67,500 ரூபாய் இந்த வாசகங்களுக்கான நியாயமான விலை. பணம் கையில் இருக்கும் ஒருவருக்கு அதே தொகை வீண்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஜாமீன்தாரர் பெயர் உடன்பாட்டில் இடம்பெற்று, பணம் முடிந்ததும் அவரும் விடுவிக்கப்படுவார் என்று எழுதப்பட வேண்டும். தள்ளுபடியுடன் முடிந்த கணக்கு, கடன் தகவல் அறிக்கையில் முழுமையாக அடைக்கப்பட்டதாக அல்லாமல் 'செட்டில்டு' என்றே பதிவாகும். புதிய கடன் கேட்கும்போது அது தெரியும். வீடோ நிலமோ அடமானத்தில் இருந்தால் நிலைமையே வேறு. அடமானச் சொத்தை நீதிமன்ற வழக்கு இல்லாமலே வங்கி எடுத்துக்கொள்ள வழிசெய்யும் சர்ஃபேசி சட்டத்தின் 60 நாள் அறிவிப்பு வந்திருக்க, மக்கள் நீதிமன்றத்தில் மனுக் கொடுத்துவிட்டோம் என்று இருந்துவிடக் கூடாது. அந்த மனு உடைமை எடுப்பதைத் தடுக்காது.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. வசூல் முகவர்கள் அலைபேசியில் அனுப்பும் சில 'லோக் அதாலத் நோட்டீஸ்'கள் வராவிட்டால் கைது என்று மிரட்டுகின்றன. வழக்குக்கு முந்தைய மக்கள் நீதிமன்றத்துக்கு ஒருவர் வராவிட்டால் கோப்பு திருப்பி அனுப்பப்படும், அவ்வளவே. வராதவருக்கு எதிராக ஒருதலைத் தீர்வு வழங்க முடியாது. உண்மையான அறிவிப்பில் சட்டப் பணிகள் குழுவின் பெயர், கோப்பு எண், அமர்வு நடக்கும் நீதிமன்ற வளாகம், நாள் ஆகியவை இருக்கும். ஐயம் எழுந்தால் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, வளாகத்திலுள்ள குழு அலுவலகத்தில் நேரில் கேட்டு உறுதி செய்த பிறகே முகவரிடம் பேச வேண்டும்.