உப்புவெளிப் பக்கம் கடை எடுத்து ஏழு லட்சத்து எண்பதாயிரம் போட்டுத் திருத்தினன், வெளிக்கிடேக்க கையில வந்தது தண்ணி டாங்கி

திருகோணமலையில கடை, ரூம், சின்ன ரெஸ்ட் ஹவுஸ் எண்டு வாடகைக்கு எடுக்கப் போறவங்க இதை வாசிச்சிட்டு கையெழுத்துப் போடுங்கோ. ஓனர்ட பேர் சொல்லமாட்டன், கடை எதெண்டும் சொல்லமாட்டன், ஏனெண்டா கதை இன்னும் முடியேல்ல.

சாப்பாட்டுக்கடை போடத்தான் எடுத்தனான். மாசம் 35,000, அட்வான்ஸ் ஆறு மாசத்துக் காசு 210,000, ரெண்டு வருசம். இங்க ஒரு மாசத்துக்கு மேற்பட்ட குத்தகையெண்டா நொத்தாரிசு முன்னால ரெண்டு சாட்சியோட எழுதினாத்தான் சட்டப்படி செல்லும், அதுக்கு 1840ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கு, அதால நாங்களும் ஒழுங்கா நொத்தாரிசிட்டப் போய்த்தான் எழுதினம். அக்ரிமென்ட் முழுக்க இங்கிலீசு. நொத்தாரிசு வேகமா வாசிச்சார், நான் வாடகை, அட்வான்ஸ், திகதி மூண்டையும் பாத்திட்டு கையெழுத்துப் போட்டன். இதுதான் என்ர முதல் மடத்தனம்.

கடை எப்பிடி இருந்ததெண்டா, மார்கழி மழைக்கு கூரைத் தகட்டால தண்ணி ஒழுகி, நடுவில வாளி வச்சாத்தான் நிக்கலாம். நிலம் வெறும் சீமேந்து, அதுவும் வெடிச்சு. டொய்லெட் எண்டு ஒண்டு இருந்திச்சு, சொல்லவே வெக்கம். ஓனர் ஐயா ஒருநாள் வந்து தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு "தம்பி உங்களுக்கு வசதியா திருத்துங்கோ, நாங்க என்ன ஆளுக்காள் ஏமாத்தவே போறம், வெளிக்கிடேக்க கணக்குப் பாத்து கழிச்சுக் கொள்ளுவம்" எண்டார். அவர் தகப்பன் வயசு மனுசன். நான் அதை நம்பி கூரைக்கு 145,000, டைல்ஸுக்கு 190,000, டொய்லெட்டுக்கு 165,000, வயரிங் மாத்த 120,000, தண்ணி டாங்கியும் மோட்டரும் 70,000, கவுன்டரும் றாக்கையும் 90,000 எண்டு செலவழிச்சன்.

ரெண்டு வருசம் முடியப் போகுதெண்ட நேரம் மனுசன் வந்து மகன் வெளிநாட்டால வாறான், கடையை விடுங்கோ எண்டார். சரி, ஐயா, கணக்கப் பாப்பம் எண்டன். "எந்தக் கணக்கு தம்பி?" எண்டு கேட்டார் பாருங்கோ, அந்த முகத்த இப்பயும் மறக்கேலாது.

லோயரிட்ட ஓடினன். அவர் அக்ரிமென்ட எடுத்து பதினோராம் பந்தியில விரல வச்சார். எழுத்தில சம்மதம் இல்லாம கட்டடத்தில மாற்றம் செய்யக்கூடாது, செய்தா அது ஓனருக்குப் போகும், நட்டஈடு கேக்கேலாது எண்டு அதில இருக்குது. நான் சொன்னன், அவர் வாயால சொன்னவர் ஐயா, ரெண்டு பேர் கேட்டுக்கொண்டு நிண்டவை எண்டு. லோயர் சிரிச்சிட்டு, சட்டப்படி எழுத்தில இருக்கவேண்டிய ஒப்பந்தத்த பிறகு வாய்ப்பேச்சால மாத்தினது எண்டு கோட்டில நிரூபிக்க விடமாட்டாங்க, சாட்சியக் கட்டளைச் சட்டம் 92ஆம் பிரிவு அதத்தான் சொல்லுது, ரெண்டு பேரில்ல இருபது பேர் கேட்டிருந்தாலும் ஒண்டுதான் எண்டார். நொத்தாரிசிட்ட ஒழுங்கா எழுதினதே எனக்கு எதிரா நிக்குது. கோதாரி.

சரி, அந்தப் பந்தி இல்லாமலே இருந்திருந்தா? அதையும் கேட்டன். அப்ப எங்கட நாட்டு ரோமன் டச்சு சட்டம் வரும், ஒல்லாந்தில 1658இல குத்தகைக்காரரப் பத்திப் போட்ட ஒரு கட்டளையும் அதுக்குள்ள இருக்கு எண்டார். அதிலயும் ஓனர்ட சம்மதத்தோட கட்டினதுக்கு சாமானின்ட பெறுமதி தான் கேக்கலாம், கூலி சேராதாம். என்ர டைல்ஸ் 190,000ல 60,000 பாஸ்மார்ட கூலி, அது போச்செண்டு வச்சுக்கொள்ளுங்கோ. சம்மதம் இல்லாம கட்டினவருக்கு நட்டஈடு இல்ல, கழட்டிக்கொண்டு போகத்தான் முடியும், அதுவும் குத்தகை முடியிறதுக்கு முன்னால. திறப்பக் குடுத்திட்டு பிறகு வந்து கழட்டுறனெண்டா அது ஓனர்ட சொத்து.

நான் கேட்டன், காசு தரும்வரைக்கும் கடைய விடாம இருந்தா? வேண்டாம் எண்டார் கடுமையா. குத்தகை முடிஞ்ச பிறகு இருந்தா ஒவ்வொரு மாசமும் நட்டஈடு எண்டு அவர்தான் உங்களிட்ட கேப்பார், கடைசியில அட்வான்சும் அதுக்குள்ள கரைஞ்சுபோகும், குத்தகைக்காரன் முதல் இறங்கிப்போட்டுத்தான் வழக்குப் பேசோணும் எண்டார்.

அதால கடைசி ரெண்டு கிழமை கழட்டினன். மோட்டர், டாங்கி, கவுன்டர், றாக்கை. ஆணி, போல்ட் அடிச்ச ஓட்டைகள் எல்லாம் பூசி, ஒவ்வொரு சுவரையும் திகதி தெரியுறமாதிரி படம் எடுத்து வச்சன். டைல்ஸ, டொய்லெட்ட கழட்டினா உடையும், கட்டடத்துக்கு சேதம் எண்டு நம்ம தலையில வரும். வயர் சுவருக்குள்ள. அதுகள் அங்கயே கிடக்குது. மோட்டரப் பத்திச் சொல்லவேணும், உப்புக்காத்துக்கு ரெண்டு வருசத்திலேயே பொடி உதிருது, இரும்புக்கடையில நிறுத்தா என்ன கிடைக்கும்?

ஒரு விசயத்தில மட்டும் லோயர் கொஞ்சம் நிமிர்ந்து இருந்தார், அது கூரை. டைல்ஸ் என்ர வசதிக்கு, ஆனா கூரை ஒழுகினா கடை பாவிக்கவே ஏலாது, அத ஓனர் பாக்கவேணும், அக்ரிமென்டிலயும் சில்லறைத் திருத்தம் மட்டும்தான் என்ர பொறுப்பெண்டு இருக்குது. நல்லகாலம் முதல் மார்கழியில வாளியோட படம் எடுத்து வாட்ஸ்அப்பில போட்டிருந்தன், அவர் "நீங்க செய்யுங்கோ தம்பி பிறகு பாப்பம்" எண்டு எழுதியிருந்தார். பேசினதில்ல, எழுதினது. ஹார்ட்வெயர் பில்லும் இருந்தது, தகடு கம்பி எல்லாம் தனித்தனியா எழுதின பில். பாஸுக்கு குடுத்த காசுக்கு மட்டும் ஒரு துண்டும் இல்ல, ஆளை இப்ப தேடினா கிண்ணியாப் பக்கம் வேலைக்குப் போட்டார் எண்டு சொல்லுறாங்க.

லோயர் கடிதம் அனுப்பினார், பதில் வரேல்ல. இந்த மாதிரிச் சின்னத் தொகைக்கு கோட்டுக்குப் போக முதல் மத்தியஸ்த சபைக்குப் போய்த்தான் ஆகணும், இணக்கம் வராட்டி அவங்க தாற சான்றிதழோடதான் வழக்கு. போனம். மூண்டு தரம் அலைஞ்சு, கடைசியில ஓனர் அட்வான்ஸ் முழுக்கத் தாறதுக்கும், கூரைக்கு 100,000 தாறதுக்கும் ஒத்துக்கொண்டார். மிச்சம் 45,000த்த விட்டுக்குடுத்தன், களைச்சுப் போனன்.

இனி கடை எடுக்கிறவங்க, நொத்தாரிசு வாசிக்கேக்க நிப்பாட்டி, திருத்த வேலை பத்தின பந்தி எதெண்டு கேளுங்கோ, தமிழில சொல்லச் சொல்லுங்கோ. சம்மதம் வேற, நட்டஈடு வேற, ரெண்டும் தனித்தனியா எழுத்தில இருக்கோணும். நான் இப்ப புதுக் கடைக்கு எழுதின வசனம் இது, பாத்து எடுங்கோ:

"இணைப்பு அட்டவணையில் உள்ள திருத்த வேலைகளைக் குத்தகைக்காரர் செய்வதற்கு உரிமையாளர் சம்மதிக்கிறார். அவற்றின் செலவு, கூலி உட்பட, மாத வாடகையில் 10,000 ரூபா வீதம் கழிக்கப்படும். குத்தகை முன்னரே முடிந்தால் கழிபடாத மிகுதி, திறப்பு ஒப்படைக்கும் நாளில் செலுத்தப்படும்."

புது ஓனர் முதல் முகத்த சுளிச்சார், கூலி எண்ட சொல்ல எடுக்கச் சொன்னார், பிறகு கையெழுத்துப் போட்டார். பழைய ஓனர்ட 100,000ல 60,000 வந்திருக்கு, மிச்சம் மாசக் கடைசியில எண்டார். மகன் வரேல்ல, அந்தக் கடை இப்ப வேற ஆளுக்கு 55,000க்கு போயிருக்கு. என்ர டைல்ஸோட.