‘பயனர் ஒருவருக்கு 60 ரூபாய்’ என்று அறிக்கை தரும் விளம்பர ஏஜென்சிகளிடம் எச்சரிக்கையாக இருங்கள்

கோயம்புத்தூரில் தையற்காரர்களையும் ரவிக்கை, சுடிதார் தைக்கக் கொடுக்கும் வாடிக்கையாளர்களையும் இணைக்கும் ஒரு செயலியை நாங்கள் நடத்துகிறோம். விளம்பரப் பொறுப்பை ஏற்ற ஏஜென்சி எங்களை ஏமாற்றிய விதத்தை, இதுபோல் இரு தரப்பாரை வைத்துத் தொழில் செய்யும் மற்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

முதல் மாதச் செலவு 3 லட்சம் ரூபாய். அதற்கு மேல், அந்தத் தொகையில் 15 சதவீதம் தனியாக அவர்களின் கட்டணம். மாத முடிவில் வந்த அறிக்கை, 5,000 ‘ஆக்டிவ் பயனர்கள்’ கிடைத்ததாகவும் ஒருவருக்கு 60 ரூபாய்தான் ஆனதாகவும் சொன்னது. எந்தத் தரப்பில் எத்தனை பேர் என்று அதில் இல்லை. வற்புறுத்திக் கேட்ட பிறகே, 1 லட்சத்தில் 1,000 தையற்காரர்களும் 2 லட்சத்தில் 4,000 வாடிக்கையாளர்களும் வந்தார்கள் என்ற பிரிவு கிடைத்தது. பதிவு செய்து ஒருமுறை செயலியைத் திறந்தாலே அவர்கள் கணக்கில் ஆக்டிவ்.

எங்கள் ஆர்டர் பதிவேட்டோடு அந்தக் கைப்பேசி எண்களை ஒப்பிட்டபோது படம் முற்றிலும் மாறியது. அந்த 1,000 பேரில் தைத்த துணியின் படத்தையும் கூலியையும் பதிவேற்றியவர்கள் 120 பேர். பதிவு செய்த 30 நாட்களுக்குள் ஓர் ஆர்டரையாவது ஏற்று, தைத்து, ஒப்படைத்தவர்கள் 25 பேர் மட்டுமே. ஆக, உண்மையில் இயங்கும் தையற்காரர் ஒருவருக்கு 4,000 ரூபாய் ஆகியிருந்தது. வாடிக்கையாளர்களில் அதே 30 நாட்களில் ஆர்டர் கொடுத்துத் துணியைக் கையில் வாங்கியவர்கள் 500 பேர்; ஒருவருக்கு 400 ரூபாய்.

மீதிப் பேர் எங்கிருந்து வந்தார்கள் என்பதை விளம்பரப் படத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டோம். ‘வீட்டிலிருந்தபடியே சம்பாதிக்கலாம்’ என்பது பெரிய எழுத்திலும் ‘தையல்’ என்பது மூலையில் சிறிய எழுத்திலும் இருந்தன. நாங்கள் தொலைபேசியில் அழைத்த பலரிடம் தையல் இயந்திரமே இல்லை. வேலை கிடைக்கும் என்று நம்பிப் பதிவு செய்த பெண்கள் அவர்கள். பதிவையே இலக்காக வைத்து விளம்பரத்தை ஓட்டினால், மெட்டாவின் விளம்பர முறை பதிவு செய்யக்கூடியவர்களைத்தான் தேடிப் பிடிக்கும். ஆர்டரை முடிப்பவர்களைத் தேடாது. அந்தப் பெண்களின் நம்பிக்கையையும் சேர்த்து வீணாக்கியதுதான் எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

இதைக் காட்டியபோது, 4,000 ரூபாய் தையற்காரரை விட்டுவிட்டு 400 ரூபாய் வாடிக்கையாளர் மேலேயே முழுப் பணத்தையும் போடலாம் என்று ஏஜென்சி பதில் சொன்னது. நாங்கள் எழுத்தில் மறுத்தும், அடுத்த மாத 3 லட்சத்தையும் அப்படியே செலவழித்தார்கள். இரண்டு தொகைகளையும் நேருக்கு நேர் வைத்து எது மலிவு என்று பார்ப்பதே தவறு. எங்களிடம் இயங்கும் தையற்காரர் ஒருவர் மாதம் ஏறக்குறைய 12 ஆர்டர்களை முடிப்பார். எனவே அவருக்காகச் செலவான 4,000 ரூபாய், முதல் மாதத்திலேயே ஆர்டர் ஒன்றுக்கு சுமார் 333 ரூபாயாகக் குறைந்துவிடும், அவர் நிலைத்தால் மேலும் குறையும். வாடிக்கையாளரோ தீபாவளிக்கு ஒருமுறை தைக்கக் கொடுத்துவிட்டு மறுபடி வராமலும் போகலாம்.

விளைவு உடனே தெரிந்தது. கிளிக் ஒன்றுக்கான விலை ஏறவில்லை. ஆனால் துணி வாங்கிச் சென்ற வாடிக்கையாளர்கள் 375 ஆகக் குறைந்து, ஒருவருக்கான செலவு 800 ரூபாய் ஆனது. சரவணம்பட்டி, துடியலூர் பகுதிகளில் ஆர்டர்கள் யாரும் ஏற்காமல் காலாவதியாயின; ஆர்.எஸ்.புரத்தில் மட்டும் தையற்காரர்கள் ஆர்டருக்காகக் காத்திருந்தார்கள். ஊர் முழுவதற்குமான சராசரியில் இந்த வேறுபாடு மறைந்துபோகும். பகுதிவாரியாக, கொடுத்த ஆர்டர்களில் எத்தனை 24 மணி நேரத்துக்குள் ஏற்கப்பட்டன என்பதைப் பார்த்தால்தான் எந்தப் பகுதியில் எந்தத் தரப்புக்குப் பணம் தேவை என்பது விளங்கும்.

மாதம் 25 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. ஐந்து பேர் கூடினாலோ குறைந்தாலோ செலவு வெகுவாக மாறும் என்பதால், தையற்காரர் கணக்கை ஒரே மாதத்தை வைத்து முடிவு செய்யாமல் சில மாதங்களைச் சேர்த்துப் பார்க்கிறோம். பதிவாகி 30 நாள் ஆகாதவர்களைச் சேர்ப்பதில்லை.

இன்னொன்று: விளம்பரக் கணக்கை அவர்கள் தங்கள் பெயரிலேயே திறந்திருந்ததால், ஒப்பந்தத்தை முறித்தபோது பழைய தரவு எதையும் தர மறுத்துவிட்டார்கள். இப்போது கணக்கு எங்கள் பெயரில் இருக்கிறது. இரு தரப்புக்கும் தனித்தனி விளம்பரம், தனித்தனி வரவுசெலவு. ஆர்டர் முடிந்ததும்தான் ‘ஆக்டிவ்’ என்ற தகவலை மெட்டாவின் விளம்பர முறைக்கு எங்கள் சர்வரே அனுப்புகிறது. இரண்டாம் மாதக் கட்டணமான 45,000 ரூபாயைத் திரும்பக் கேட்டு அனுப்பிய வழக்கறிஞர் நோட்டீசுக்கு அந்த ஏஜென்சி இதுவரை பதில் தரவில்லை.