மூன்று வருஷம், ஒரு தயிர் மேக்கர், விடாத நூல்

போன வாரம் தயிர் மேக்கரின் தெர்மோஸ்டாட்டை மாற்றி 450 ரூபாய் கொடுத்துவிட்டு வந்த அன்று ராத்திரிதான் தோழி கேட்டாள்: "உன்கிட்ட ஒண்ணு இருக்கே, விலை குறைஞ்சிருக்கு, வாங்கலாமா?" ஒரு வரியில் பதில் சொல்லப் போய் இவ்வளவு நீளமாகிவிட்டது.

ஆறு கப், ஒரு சூட்டுத் தட்டு, ஒரு பொத்தான். இதைப் பற்றிச் சொல்ல பெரிதாக ஒன்றுமில்லை. என் புகார் ஒன்றே ஒன்றுதான்: நூல். கரண்டியை விட்டு எடுத்தால் தயிர் வெட்டுப்பட்டு வராது, பிசின் மாதிரி இழுத்துக்கொண்டு வரும். வாசனை நன்றாக இருக்கும், புளிப்பும் சரியாக இருக்கும். ஆனாலும் தட்டில் விழும்போது கொழகொழவென்று ஒரு வால். என் பையன் அதைப் பார்த்துவிட்டு சாப்பாட்டை நகர்த்தி வைத்தது இன்னும் நினைவில் இருக்கிறது.

நாங்கள் இருப்பது பெங்களூரில். உறை மதுரையிலிருந்து அம்மா டப்பாவில் கொடுத்துவிட்டது. அங்கே கட்டியாக, கத்தியால் வெட்டலாம் போல இருந்த அதே உறை, இங்கே வந்த முதல் மார்கழியிலேயே நூல் விட ஆரம்பித்தது. அம்மாவிடம் சொன்னால், "பால் ஆறிப்போனப்புறம் ஊத்தியிருப்ப. உறையை மாத்து, பக்கத்து வீட்டுல வாங்கு" என்றாள். அதற்குப் பதிலாக நான் மெஷின் வாங்கினேன். மெஷினில் வைத்தும் நூல் வந்தது. இரண்டு வருஷம் அந்த உறையைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

தயிர் தோய வைக்கும் பாக்டீரியாவில் இரண்டு கட்சி உண்டு. ஒன்று தெர்மோஃபிலிக், சூடு கேட்கிற கூட்டம்: ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸும் லாக்டோபேசில்லஸ் பல்கேரிகஸும். 42, 43 டிகிரியில் ஐந்து மணி நேரத்தில் வேலையை முடித்துவிடும். யோகர்ட் என்று விற்பது இந்த ஜோடி தோய்த்ததைத்தான். மற்றது மீசோஃபிலிக், மிதமான சூட்டுக்காரர்கள்: லாக்டோகாக்கஸ், லூக்கோனோஸ்டாக் வகையறா. 20 முதல் 30 டிகிரிக்குள் நிதானமாக, பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு தோய்க்கும். 40-ஐத் தாண்டினால் இவர்கள் சோர்ந்துவிடுவார்கள். வீட்டு உறையில் பெரும்பாலும் இரண்டு கூட்டமும் கலந்துதான் இருக்கும். யார் ஜெயிப்பது என்பதைச் சமையலறையின் சூடுதான் முடிவு செய்யும்.

நூல் என்பது இந்தப் பாக்டீரியாவில் சில ரகங்கள் வெளியே விடுகிற சர்க்கரைச் சங்கிலி. பாலில் இருக்கும் சர்க்கரையை எடுத்து நீளமான இழையாகப் பின்னித் தன்னைச் சுற்றி விட்டுவிடும். எல்லா ரகமும் இதைச் செய்யாது. செய்கிற ரகங்கள், குறிப்பாக மீசோஃபிலிக் கூட்டத்தில் இருப்பவை, குளிரில் மெதுவாக வளரும்போது அதிகமாகப் பின்னும். பின்லாந்தில் வீலி என்று ஒரு தயிரை இதற்காகவே வளர்க்கிறார்கள். மேலே வெல்வெட் மாதிரி ஒரு பூஞ்சை ஏடு, கீழே முழம் நீளத்துக்கு இழுபடும் தயிர். நம் வீட்டில் யார் அதைச் சாப்பிடுவது என்று கேட்காதீர்கள்.

சரி, மெஷினில் வைத்தும் ஏன் நூல்? இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு 300 ரூபாய் சமையல் வெப்பமானி தேவைப்பட்டது. பாலுக்குள் விட்டுப் பார்த்தால் 38 டிகிரி. ஒரு வருஷமாகக் கடைப் பாக்கெட் தயிரை உறையாகப் போட்டுப் பார்த்தும் நூல் வந்ததற்கு அர்த்தம் அப்போதுதான் புரிந்தது. 38-இல் பல்கேரிகஸ் பின்தங்கிவிடும், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மட்டும் எட்டு மணி நேரம் தனி ராஜ்யம் நடத்தும். பாக்கெட் தயிரில் தண்ணீர் பிரியாமல் இருக்க, இழை விடும் ரகங்களைத் தயாரிப்பாளர்கள் தேர்ந்தெடுத்துப் போடுவது வழக்கம். ஆக, சமையல் மேடையில் வந்த நூல் வேறு கூட்டத்தின் வேலை, மெஷினில் வந்த நூல் வேறு கூட்டத்தின் வேலை. நான் இரண்டையும் ஒன்று என்று நினைத்திருந்தேன்.

தெர்மோஸ்டாட் மாற்றியதும் ஒரு லிட்டர் பாலைக் காய்ச்சி, பொங்கியபின் சிறுதீயில் பத்து நிமிடம் வைத்து, ஆறவைத்து நாலு டம்ளரில் ஊற்றினேன். இரண்டில் அம்மாவின் உறை, இரண்டில் பாக்கெட் தயிர், ஒவ்வொன்றிலும் ஒரு டீஸ்பூன். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று மெஷினுக்குள், இப்போது சரியாக 43 டிகிரி. மற்றது மேடையில், 23 டிகிரி.

மெஷினில் இருந்த இரண்டும் ஐந்தரை மணி நேரத்தில் தோய்ந்துவிட்டன. டம்ளரைச் சாய்த்தால் அசையவில்லை, கரண்டியில் பாளமாக வந்தது. நூல் அம்மாவின் உறையில் விரல் நகம் அளவு, பாக்கெட்டில் அதுவும் இல்லை. மேடையில் அம்மாவின் உறை பதின்மூன்று மணி நேரத்தில் தோய்ந்தது, கரண்டியைத் தூக்கினால் ஒரு சாண் நூல். பாக்கெட் அப்போதும் பாலாகவே இருந்தது. இருபது மணி நேரம் கழித்துத்தான் தளதளவென்று ஏதோ ஒன்று ஆனது. குளிர் அறையில் சூட்டுக்கூட்டத்தை உட்கார வைத்தால் அப்படித்தான்.

மெஷினில் தோய்ந்த அம்மாவின் உறையிலிருந்தே அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் 43-இல் போட்டேன். நாலாவது தடவை நகம் அளவு நூலும் போய்விட்டது. லாக்டோகாக்கஸில் இழை பின்னும் குணம் பிளாஸ்மிட் என்ற தனி டி.என்.ஏ. துணுக்கில்தான் இருக்கிறது. சூட்டில் தொடர்ந்து வளர்த்தால் அந்தத் துணுக்கையே தொலைத்துவிடும், அல்லது அந்தக் கூட்டமே ஒடுங்கிவிடும். என் டம்ளரில் எது நடந்ததோ, நூல் போனது.

ஒரு எச்சரிக்கை மட்டும். புளிப்பு வாசனையோடு வரும் நூல் பார்க்கத்தான் அசிங்கம், சாப்பிடலாம். காய்ச்சாத அல்லது காய்ச்சியபின் திறந்து கிடந்த பாலில் வேறு கிருமி புகுந்தும் நூல் வரும். அதில் புளிப்பு ஏறியிருக்காது, கசக்கும், நாறும், சில சமயம் குமிழி விட்டிருக்கும். அதைக் கொட்டிவிட்டுப் பாத்திரத்தைக் கொதிநீரில் கழுவி, புது உறையில் ஆரம்பிக்க வேண்டும். மெஷினால் அதைச் சரிசெய்ய முடியாது.

இவ்வளவு திட்டிய பிறகு நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். நூல் போனபின் தயிர்சாதம் கெட்டது. காலை ஏழு மணிக்குப் பிசைந்து டப்பாவில் கட்டினால் பகல் ஒரு மணிக்குச் சாதம் இறுகி ஓரத்தில் தண்ணீர் நிற்கிறது. நூல் விட்ட நாட்களில் அப்படி ஆனதே இல்லை, மத்தியானமும் வெண்ணெய் மாதிரி இருக்கும். அந்தச் சர்க்கரை இழைதான் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்திருக்கிறது. மத்தால் நாலு சுற்று கடைந்தால் நூலும் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு வருஷம் இது தெரியாமல் பையனோடு சண்டை போட்டிருக்கிறேன்.

தோழிக்கு நான் சொன்னது: வாங்காதே. வெப்பமானி ஒன்று வாங்கு, சுடுதண்ணீர் ஊற்றிய ஹாட்பாக்ஸில் வைத்தால் 43-ஐ ஐந்து மணி நேரம் கிட்டத்தட்டப் பிடிக்கலாம். அப்படியானால் உன்னுடையதை எனக்குக் கொடுத்துவிடேன் என்றாள். முடியாது என்றேன். இப்போது அதில் ஐந்து கப் வெட்டுத்தயிர் தோய்கிறது. ஆறாவது கப் மட்டும் வெளியே, மேடையில், அம்மாவின் பழைய உறையோடு, நாளைய டப்பாவுக்காக.