ஒரு பெயர், இரண்டு கடை: ஃபேஸ்புக் பக்கம் யார் கையில் இருக்க வேண்டும்?

கும்பகோணத்தில் அப்பாவுக்குப் பாத்திரக்கடை. நாலு கடை தள்ளிச் சித்தப்பாவுக்குக் காபித்தூள் கடை. இரண்டு போர்டிலும் தாத்தா பெயர்தான் முதலில் இருக்கும். பித்தளை ஃபில்டர் வாங்கியவரை அப்பா சித்தப்பா கடைக்குக் கை காட்டுவார். தூள் வாங்க வந்தவர் டபரா செட் கேட்டால், சித்தப்பா கடைப் பையன் ஓடிவந்து எடுத்துப் போவான். கடைத்தெருவில் இது பல வருஷமாகத் தகராறில்லாமல் நடக்கிறது. ஃபேஸ்புக்குக்குக் கொண்டுவந்தபோதுதான் சிக்கல் தொடங்கியது.

நாலு வருஷத்தில் மூன்று ஏற்பாடுகளைப் பார்த்துவிட்டோம். முதலில் இரண்டு கடைக்கும் ஒரே பக்கம். அப்புறம் அவரவர் அவரவர் போக்கில் தனிப் பக்கம். இப்போது தனித்தனிப் பக்கம்தான், ஆனால் இரண்டும் ஒரே பிசினஸ் போர்ட்ஃபோலியோவுக்குள், அதாவது பக்கங்களையும் ஆட்களின் அனுமதிகளையும் ஒரே இடத்தில் வைத்து நிர்வகிக்க ஃபேஸ்புக் தரும் தொகுப்புக்குள்.

ஒரே பக்கம் என்பதில் லாபம் இல்லாமல் இல்லை. படம் எடுப்பது, பதிவு போடுவது, விளம்பரத்துக்குப் பணம் கட்டுவது எல்லாம் ஒரு முறை செய்தால் போதும். பொங்கலுக்கு ஃபில்டரும் தூள் பாக்கெட்டும் சேர்ந்த ஒரு படம் போட்டோம், நன்றாகவே ஓடியது. ஆனால் அந்தப் படத்துக்குக் கீழே “விலை என்ன?” என்று ஒருவர் கேட்டால் எதன் விலை? அப்பா ஃபில்டர் விலையைச் சொன்னார். கேட்டவருக்கு வேண்டியது தூள்.

இன்னொரு நாள் ஒருவர், “சிக்கரி எவ்வளவு கலக்கிறீர்கள்?” என்று கேட்டிருந்தார். கடையில் கூட்டம் இல்லாத நேரம், போன் அப்பா கையில். “பாதிக்குப் பாதி இருக்கும்” என்று எழுதிவிட்டார். சித்தப்பா விற்பது 80 பங்கு காபி, 20 பங்கு சிக்கரி. பாக்கெட்டிலும் அப்படித்தான் அச்சடித்திருக்கும், அச்சடிக்க வேண்டும் என்பது சட்டம். கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையவே கூடாது என்பதும் சட்டம். ஆக, ஒரு வரியில் அப்பா சித்தப்பாவின் சரக்கைச் சட்டவிரோதமாக்கிவிட்டார். “அண்ணே, உங்க செம்பு எத்தனை கிலோன்னு நான் சொன்னேனா?” என்று சித்தப்பா வந்து நின்றதோடு அந்த ஏற்பாடு முடிந்தது.

ஒரே பக்கத்தில் தொடங்குகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பக்கத்தைப் பிறகு இரண்டாகப் பிரிக்க வழி கிடையாது. பின்தொடர்பவர்களில் காபிக்காரர்களை மட்டும் புதுப் பக்கத்துக்கு நகர்த்த முடியாது, பூஜ்யத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். எதிர்த்திசையில் இரண்டை ஒன்றாக்க முடியும், அதுவும் பெயர் ஒத்து, ஒரே விஷயத்துக்கான பக்கங்களாக இருந்தால்தான். அப்போதும் கரைந்துபோகும் பக்கத்தின் பின்தொடர்பவர்கள் வருவார்கள், பதிவுகளும் படங்களும் அழிந்துவிடும்.

இரண்டாவது ஏற்பாட்டில் சித்தப்பா தனியாகப் போனார். கடைக்குப் படம் எடுத்துக் கொடுத்த பையன் ஒருவன் தன் சொந்தக் கணக்கிலிருந்தே காபிக்கடைப் பக்கத்தைத் தொடங்கிக் கொடுத்தான். சித்தப்பா மகனுக்கும் அனுமதி கொடுத்தான். தம்பி தினமும் பதிவு போட்டான், பதில் சொன்னான், எல்லாம் அவன் கையில் இருப்பதாகத்தான் தோன்றியது. ஒரு வருஷம் கழித்து இன்னொருவரைச் சேர்க்கப் போனால், அதற்கான பொத்தானே அவனுக்கு இல்லை.

காரணம் இதுதான். பக்கத்தின் அமைப்புகளில் `Page access` என்று ஒரு இடம் இருக்கிறது. அங்கே பெயர்கள் இரண்டு பட்டியலாக வரும். `People with Facebook access` பட்டியலில் இருப்பவர் பக்கமாகவே மாறி வேலை செய்யலாம். அவர்களிலும் `full control` உள்ளவர்தான் ஆட்களைச் சேர்க்கலாம், நீக்கலாம், பக்கத்தையே அழிக்கலாம். `People with task access` பட்டியலில் இருப்பவருக்குப் பதிவு, செய்தி, விளம்பரம் என்று கொடுத்த வேலைகள் மட்டும். தம்பி இரண்டாவது பட்டியலில் இருந்தான். முழு அதிகாரம் உள்ள ஒரே பெயர் படம் எடுத்த பையனுடையது, அவன் அதற்குள் துபாய்க்குப் போயிருந்தான். நல்ல பையன், தேடிப் பிடித்துக் கேட்டதும் மாற்றிக் கொடுத்தான். அதற்குப் பதினோரு நாள் ஆனது. மனஸ்தாபத்தில் பிரிந்திருந்தால் கதை வேறு. உங்கள் கடைப் பக்கத்துக்கு நீங்கள் முதலாளியா, கூலிக்காரரா என்று அந்த ஒரு திரையைத் திறந்தால் தெரிந்துவிடும். இன்றே பாருங்கள்.

இப்போதுள்ள மூன்றாவது ஏற்பாட்டில் இரண்டு பக்கமும் தனித்தனி. இரண்டையும் `Meta Business Suite`-இல் ஒரே போர்ட்ஃபோலியோவில் சேர்த்திருக்கிறோம். முழு அதிகாரம் எனக்கும் தம்பிக்கும் மட்டும். ஒருவரிடம் மட்டும் விட்டால் போன் தொலைந்த அன்று இரண்டு கடையும் மாட்டிக்கொள்ளும். இரண்டு கணக்கிலும் இரட்டைப் பூட்டு, அதாவது பாஸ்வேர்டுக்கு மேல் ஒரு குறியெண்ணும் கேட்கும். அப்பா பாத்திரக்கடைப் பக்கத்தின் செய்திகளை மட்டும் பார்ப்பார். சித்தி காபிக்கடைச் செய்திகளை மட்டும் பார்ப்பார். ஒருவருடைய இன்பாக்ஸ் மற்றவருக்குத் தெரியாது. சிக்கரிக் கேள்வி இனி அப்பாவிடம் போகவே போகாது.

இதிலும் குறை உண்டு. ஒரு பக்கம் ஒரு போர்ட்ஃபோலியோவுக்குத்தான் சொந்தமாக இருக்க முடியும். யாராவது ஒருவர் தப்பான லிங்கை அழுத்திக் கணக்கைப் பறிகொடுத்தாலோ, விளம்பர விதி மீறல் என்று முடக்கப்பட்டாலோ, அடி இரண்டு கடைக்கும் விழலாம். நாளைக்குக் குடும்பம் பாகம் பிரிந்தால் ஒரு பக்கத்தை எடுத்து வேறு போர்ட்ஃபோலியோவில் வைக்க வேண்டிவரும். இந்த இரண்டையும் யோசித்த பிறகும் எனக்கு இதுதான் சரியென்று படுகிறது. கிளைகளுக்கென்று தாய்ப்பக்கமும் சேய்ப்பக்கமுமாக இன்னொரு வசதியும் இருக்கிறது, ஆனால் அது ஒரே சரக்கைப் பல ஊரில் விற்பவருக்கு. பாத்திரமும் தூளும் விற்கிற எங்களுக்கு அது ஒட்டாது.

இனி முகம். ஒரே குடும்பம் என்று தெரிய வேண்டும், வேறு கடை என்றும் தெரிய வேண்டும். நாங்கள் எடுத்த எடுப்பில் தாத்தாவின் முதலெழுத்தைச் சின்னமாக வைத்து, பாத்திரக்கடைக்குப் பித்தளை மஞ்சள், காபிக்கடைக்குக் காபிப் பழுப்பு என்று நிறம் பிரித்தோம். கம்ப்யூட்டரில் அழகாக இருந்தது. போனில் செய்தி வரும்போது அந்த வட்டம் சுண்டைக்காய் அளவு. வெயிலில் நின்று பார்த்தால் இரண்டும் ஒரே நிறம். சித்தி இரண்டு முறை ஏமாந்த பிறகு காபிக்கடையைக் கரும்பச்சைக்கு மாற்றினோம், காபி இலை நிறம். சின்னமும் எழுத்து வடிவமும் இரண்டுக்கும் ஒன்றே.

பெயரிலும் இதே கதை. தாத்தா பெயர், “அண்ட் சன்ஸ்”, அதற்கப்புறம் “பாத்திர மாளிகை” என்று நீட்டினால், போன் திரை “அண்ட் சன்ஸ்” வரைக்கும் காட்டிவிட்டுப் புள்ளி வைத்துவிடும். இரண்டு கடையும் ஒன்றுபோலத் தெரியும். “சன்ஸ்” போனது, தாத்தா பெயரை ஒட்டியே “பாத்திரம்”, “காபி” என்று வந்தது. கடை போர்டையும் அப்படியே மாற்றி எழுதினோம். கூகுள் மேப்பில் போர்டில் உள்ள பெயரைத்தான் வைக்கச் சொல்கிறார்கள். “கும்பகோணம் சிறந்த பித்தளைக் கடை” என்றெல்லாம் ஒட்டினால் விதிமீறல். அங்கேயும் இரண்டு கடைக்கும் தனிச் சுயவிவரம், தனிப் போன் எண். ஒன்றாக வைத்திருந்த காலத்தில் “தூள் நைசாக இல்லை” என்று ஒருவர் கொடுத்த ஒற்றை நட்சத்திரம் இன்றைக்கும் பாத்திரக்கடையில் கிடக்கிறது. விமர்சனத்தை ஒரு கடையிலிருந்து இன்னொன்றுக்கு நாமாக நகர்த்த முடியாது.

வாட்ஸ்அப் பிசினஸில் ஒரு எண்ணோடு கூடுதலாக நாலு கருவி இணைக்கலாம் என்பதால் பொது எண் வைக்கலாமா என்று யோசித்தோம். யார் பதில் சொன்னார் என்று வாடிக்கையாளருக்கும் தெரியாது, நமக்கும் நினைவிருக்காது. அதனால் இரண்டு எண்.

வேலைப் பிரிவினை எங்கே சோதிக்கப்படும் என்றால் இரண்டு கடையும் சேர்ந்த ஆர்டரில். போன தை மாதம் இரவு எட்டே முக்காலுக்குச் சென்னையிலிருந்து ஒரு அம்மா பாத்திரக்கடைப் பக்கத்தில் எழுதியிருந்தார். மகள் வளைகாப்புக்கு 51 பேருக்குத் தாம்பூலப் பை, ஆளுக்கு ஒரு சின்னப் பித்தளை டபரா, கூடவே 100 கிராம் காபித்தூள். முன்பு என்றால் அப்பா தூளுக்கும் ஒரு விலை சொல்லியிருப்பார், அல்லது “அது தம்பி கடை, அங்கே கேளுங்கள்” என்று அனுப்பியிருப்பார். பாதிப் பேர் அதோடு காணாமல் போவார்கள்.

இப்போது விதி ஒன்று. எந்தப் பக்கத்தில் முதல் செய்தி வந்ததோ, அந்தக் கடைக்காரர்தான் கடைசி வரை அந்த வாடிக்கையாளரோடு பேசுவார். மற்றக் கடை உள்ளே பதில் சொல்லும், வெளியே வராது. அப்பா அந்த உரையாடலை இன்பாக்ஸில் தன் பெயருக்கு ஒதுக்கிக்கொண்டார். சித்தியிடம் வீட்டு வாட்ஸ்அப் குழுவில் தூள் விலையையும் எந்தத் தேதிக்கு அரைத்துக் கிடைக்கும் என்பதையும் கேட்டார். இதற்கு ஒரு மணி நேரம் கெடு. ஒன்பதரைக்கு அந்த அம்மாவுக்கு ஒரே செய்தியில் இரண்டு விலையும் போயிற்று. தூளை முன்கூட்டி அரைத்தால் மணம் போய்விடும், அதனால் பார்சல் கிளம்புவதற்கு முந்தின நாள்தான் அரைப்போம் என்று சித்தி சொன்னதையும் அப்பா மாற்றாமல் அப்படியே எழுதினார்.

பில் மட்டும் இரண்டு. அப்பா, சித்தப்பா இருவருக்கும் தனித்தனி பான் எண், தனித்தனி ஜிஎஸ்டி எண். ஆகவே பணமும் இரண்டாக வர வேண்டும். அந்த அம்மா மொத்தத் தொகையையும் பாத்திரக்கடை க்யூஆருக்கே அனுப்பிவிட்டார். அவர் மேல் தப்பில்லை. இரண்டு க்யூஆர் அட்டையிலும் நாங்கள் ஒரே சின்னத்தைப் பெரிதாகப் போட்டு, கடைப் பெயரைப் பொடி எழுத்தில் வைத்திருந்தோம். தூளுக்கான தொகையை அப்பா திருப்பி அனுப்பி, அதை அவர் மறுபடி சித்தப்பாவுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று.

மறுநாள் தம்பி இரண்டு அட்டையையும் புதிதாக அடித்துக் கொண்டுவந்தான். மஞ்சள் அட்டையில் “பாத்திரம்”, பச்சை அட்டையில் “காபி”, எட்டடி தூரத்திலிருந்து படிக்கிற அளவில். சின்னம் ஒரு மூலையில் இருக்கிறது. “எங்கப்பா பேரைச் சின்னதாக்கிட்டானே” என்று சித்தப்பாவுக்கு இன்னும் வருத்தம்தான்.