"உள்தகவல்" என்று சொல்லியே ஆறு லட்சத்தை வாங்கிக்கொண்டார்கள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். பத்து வருடமாக டீமேட் கணக்கு இருக்கிறது. மாதாமாதம் ஐயாயிரத்துக்கு ஏதாவது பங்கு வாங்கிப் போடுவது வழக்கம். சந்தை தெரியாதவன் இல்லை. அப்படியிருந்தும் ஒரு வாட்ஸ்அப் குழுவை நம்பி இரண்டே மாதத்தில் ஆறு லட்சம் ரூபாயைக் கொடுத்துவிட்டேன். இதே மாதிரி குழுவில் இப்போது இருப்பவர்கள் இதை முழுவதும் படித்துவிடுங்கள்.

ஃபேஸ்புக் விளம்பரத்தில் டிவியில் வரும் ஒரு நிபுணரின் படம் இருந்தது. அவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, படத்தைத் திருடிப் போட்டிருந்தார்கள். அதைத் தொட்டதும் நூற்று நாற்பது பேர் உள்ள குழுவில் சேர்த்துவிட்டார்கள். குழுவை நடத்துபவரை எல்லோரும் "சார்" என்றார்கள். பெரிய நிதி நிறுவனங்கள் என்ன வாங்கப்போகின்றன என்பது முன்கூட்டியே அவருக்கு வந்துவிடும், தினமும் மூன்று சதவீதம் லாபம் நிச்சயம் என்பதுதான் பேச்சு.

அந்த மூன்று சதவீதத்தை நான் அன்றைக்கே கணக்குப் போட்டிருக்க வேண்டும். லாபத்தையும் சேர்த்துச் சேர்த்துப் போட்டால் சந்தை நடக்கும் 22 நாளில் பணம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 250 நாளில் ஒரு லட்சம் பதினாறு கோடியாகிவிடும். அப்படிச் சம்பாதிக்கத் தெரிந்தவருக்கு என் பணம் எதற்கு?

ஆனால் "சார்" சொன்ன பங்குகள் நிஜமாகவே ஏறின. பன்னிரண்டு நாள் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன், பெரும்பாலும் பலித்தது. எப்படி என்று பின்னால்தான் புரிந்தது. பரிந்துரை தினமும் காலை 9.08 வாக்கில் வரும். சந்தை 9.15க்குத் திறக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியைப் பதினைந்து நிமிடம் வரை திருத்தலாம், ஆனால் பக்கத்தில் காட்டும் நேரம் பழைய நேரமாகவே இருக்கும். எந்தப் பங்கு குதித்தது என்று 9.20க்குப் பார்த்துவிட்டு அதன் பெயரை உள்ளே மாற்றிவிட்டால், பிறகு வந்து படிப்பவர்களுக்கு அது 9.08க்கே சொன்னது போலத் தெரியும். நான் எடுத்து வைத்திருந்த ஸ்கிரீன்ஷாட்டுகளைத் திரும்பப் பார்த்தபோது, பலித்த செய்திகளில் நேரத்துக்குப் பக்கத்தில் Edited என்று சின்ன எழுத்தில் இருந்தது. காலையில் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் செய்தியையே பார்த்திருந்தால் கண்ணெதிரே மாறியிருக்கும். நான் அந்நேரம் பைக்கில் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பேன்.

அடுத்து அவர்களுடைய ஆப்பை ஒரு லிங்க் அனுப்பி ஏற்றச் சொன்னார்கள். என் புரோக்கர் கணக்கிலேயே வாங்கிக்கொள்கிறேனே என்று கேட்டேன். "உள்தகவலை வைத்து உங்கள் பெயரில் வாங்கினால் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி பிடித்துவிடும், அதனால் நிறுவனக் கணக்கு வழியாக வாங்குகிறோம்" என்றார் சாரின் உதவியாளர். பணத்தை ஏன் யாரோ ஒரு டிரேடர்ஸின் கரண்ட் அக்கவுண்டுக்குப் போடச் சொல்கிறீர்கள், அதுவும் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பெயர் என்றேன். அதற்கும் அதே பதில். வீட்டில்கூடச் சொல்ல வேண்டாம், தகவல் கசிந்தால் எல்லோருக்கும் சிக்கல் என்றார்கள். நான் கேட்க வேண்டிய ஒவ்வொரு கேள்வியையும் அந்த "உள்தகவல்" என்ற ஒரே சொல்லை வைத்து அடைத்தார்கள். நானும் ஏதோ ரகசியத்தில் பங்காளி ஆகிவிட்டது போல வாயை மூடிக்கொண்டேன்.

முதலில் 25,000 போட்டேன். நாலாவது நாள் 4,000 எடுக்கக் கேட்டேன், ஒரு மணி நேரத்தில் வங்கிக்கு வந்துவிட்டது. அந்த நாலாயிரம்தான் என்னைக் கவிழ்த்தது. அடுத்து நகையை வைத்து 2,00,000 போட்டேன். பிறகு ஒரு நிறுவனம் முதன்முதலாகப் பங்கு வெளியிடும் ஐபிஓவுக்கு ஆப்பிலேயே விண்ணப்பிக்கச் சொன்னார்கள். பணம் எதுவும் கட்டாமலே பட்டனை அழுத்தினேன். இரண்டு நாளில் "வாழ்த்துகள், கேட்டது முழுவதும் ஒதுக்கீடாகியுள்ளது, மாலை நாலு மணிக்குள் 3,75,000 கட்டவும், தவறினால் கணக்கு முடக்கப்படும்" என்று வந்தது. கடன் வாங்கிக் கட்டினேன்.

நிஜ ஐபிஓ இப்படி நடக்கவே நடக்காது. விண்ணப்பிக்கும்போதே நம் வங்கிக் கணக்கில் அந்தத் தொகை முடக்கி வைக்கப்படும், ஒதுக்கீடு ஆனால்தான் எடுப்பார்கள். ஒதுக்கிவிட்டுப் பணம் கேட்பது கிடையாது. எல்லோரும் அடித்துப்பிடித்துக் கேட்கும் ஐபிஓவில் குறைந்தபட்சத் தொகுப்பான ஒரு லாட் கிடைப்பதே குலுக்கலில்தான்.

ஆப்பில் 11 லட்சம் காட்டியது. எடுக்கப் போனால் லாபத்தில் 20 சதவீத வரியை முன்கூட்டிக் கட்டச் சொன்னார்கள். அதற்கும் கடன் கேட்டுத்தான் வங்கியில் வேலை பார்க்கும் அக்கா மகனைக் கூப்பிட்டேன். அவன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்: "மாமா, பங்கு உங்க பேர்ல இருந்தா சிடிஎஸ்எல்லயோ என்எஸ்டிஎல்லயோ இருக்கணும். அங்க காட்டுதா?"

நம் பெயரில் உள்ள பங்குகளைப் பதிவாக வைத்திருக்கும் அமைப்புகள் அவை இரண்டும். அங்கிருந்து மாதாமாதம் மெயிலில் வரும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையைத் திறந்தோம். நான் பழைய புரோக்கரிடம் வாங்கிய பங்குகள் மட்டும் இருந்தன. ஆப் காட்டிய எதுவும் அதில் இல்லை. பங்கு வாங்கினால் புரோக்கர் அனுப்ப வேண்டிய கான்ட்ராக்ட் நோட் அந்த இரண்டு மாதமும் ஆப்பில் வாங்கியதற்கு ஒன்றுகூட எனக்கு வந்ததில்லை. ஆப்பில் ஓடிய எண்கள் யாரோ தட்டச்சு செய்தவை, அவ்வளவுதான். லாபத்துக்கு வரியை நாம்தான் வருமான வரிக் கணக்கில் காட்டிக் கட்டுகிறோம், இங்கே வசிக்கும் நம்மிடம் எந்தப் புரோக்கரும் அதை முன்பணமாகக் கேட்பதில்லை என்பதையும் அவன்தான் நினைவூட்டினான்.

"நிறுவனக் கணக்கு" வழியாகத் தனிநபர் பங்கு வாங்க வழியே கிடையாது என்று செபி 2024 பிப்ரவரியிலேயே எச்சரித்திருக்கிறது. குழுவில் காட்டிய செபி பதிவுச் சான்றிதழை வைத்து நம்பிவிடாதீர்கள். எண் உண்மையாகவே இருக்கும், வேறொரு நிறுவனத்தினுடையதைப் படியெடுத்திருப்பார்கள். பணம் போகும் இடத்தைப் பாருங்கள். 2025 அக்டோபர் முதல் பதிவு பெற்ற புரோக்கர்களின் யுபிஐ முகவரியில் @valid என்று இருக்கும், அதற்குப் பின்னால் வங்கியின் பெயர் வரும். வங்கிக் கணக்காக இருந்தாலும் செபியின் 'செபி செக்' வசதியில் போட்டுப் பார்க்கலாம்.

இரண்டு நாள் கழித்துத்தான் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைத்தோம், cybercrime.gov.in தளத்திலும் பதிவு செய்தோம். உண்மையைச் சொன்னால் எனக்குப் பயமாக இருந்தது. உள்தகவலை வைத்து வாங்கியது குற்றமாயிற்றே, நானே மாட்டிக்கொள்வேனோ என்று இரண்டு நாள் தயங்கியிருந்தேன். சைபர் கிரைம் ஸ்டேஷனில் இருந்த போலீஸ் அம்மா பொறுமையாகச் சொன்னார்: "நீங்க எந்தப் பங்கும் வாங்கலை சார். வாங்கினாத்தானே அந்தக் குற்றம். உங்களை ஏமாத்தியிருக்காங்க, அதுதான் வழக்கு." அந்த இரண்டு நாளில் பணம் கணக்கு விட்டுக் கணக்கு மாறிப் போய்விட்டது. கடைசியாகப் போன கணக்கில் மிச்சமிருந்த 62,000 மட்டும் முடக்கப்பட்டிருக்கிறது. அதைத் திரும்பப் பெற நீதிமன்றத்தில் மனு போட்டிருக்கிறேன்.

போன வாரம் ஒருவர் அழைத்தார். என் பெயர், இழந்த தொகை எல்லாம் சரியாகச் சொன்னார். பணத்தை மீட்டுத் தருவதாகவும், அதற்கு 15,000 கட்டணம் என்றும் சொன்னார். அந்தத் தொகை எனக்கும் போலீசுக்கும் வீட்டுக்கும் தவிர அந்தக் குழுவை நடத்தியவர்களுக்கு மட்டும்தான் தெரியும். அந்த எண்ணையும் கொண்டுபோய்ப் புகாரில் சேர்த்துவிட்டேன்.