பாதி விலை ஷூவில் பழைய சோல்: டெலிவரி ரைடர்கள் வாங்கும் முன் அடிப்பக்கத்தைப் பாருங்கள்

சென்னையில் உணவு டெலிவரி செய்யும் ஒரு தம்பி, 2024 நவம்பரில், 1,899 ரூபாய் எம்ஆர்பி போட்ட கறுப்பு ஷூவை 750 ரூபாய்க்கு வாங்கினார். "எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ், புது மால்" என்று சொல்லித்தான் விற்றார்கள். பெட்டி புதிது, மேல்பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை. இரண்டாவது வாரம், லிஃப்ட் இல்லாத குடியிருப்பில் மூன்றாம் மாடியிலிருந்து இறங்கும்போது வலது கால் சோல் பிய்ந்து தனியே வந்துவிட்டது. கைப்பிடியைப் பிடித்திருந்ததால் உருண்டு விழாமல் தப்பினார். கடைக்காரரோ, "மழையில போட்டு ஓட்டுனா அப்படித்தான்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

இரண்டு வார மழையில் நல்ல சோல் பிய்ந்துபோகாது. அந்த ஷூ விற்பனைக்கு வரும்போதே கெட்டுப்போயிருந்தது. விலை குறைவான, கனமில்லாத வேலை ஷூக்களில் பெரும்பாலும் பியூ எனப்படும் பாலியூரித்தேன் நுரைதான் சோல். அதிலும் மலிவான பாலியெஸ்டர் வகை பியூ, காற்றிலுள்ள ஈரத்தோடு மெல்ல வினைபுரிந்து உள்ளுக்குள்ளேயே உடைகிறது. போட்டு நடந்தால்தான் தேயும் என்பதில்லை. பெட்டிக்குள் சும்மா கிடந்தாலும் கெடும். நம் கடலோர ஊர்களின் வெக்கையும் புழுக்கமும் அதை இன்னும் விரைவாக்கும். தயாரித்து நான்கைந்து வருடம் கிடங்கில் கிடந்த ஜோடி, பார்வைக்குப் புதிதாக இருந்துகொண்டே பொடிய ஆரம்பித்திருக்கும். சமதரையில் சில நாள் தாங்கலாம். படியில் இறங்கும்போது மொத்த எடையும் விரல்களுக்குப் பின்னால் மடியும் கோட்டில் இறங்குகிறது. விரிசல் அங்கேதான் விழும்.

ஏமாறாமல் இருக்க, ஷூவைத் திருப்பிப் பாருங்கள். பல பியூ சோல்களின் அடியிலோ குதிகால் வளைவிலோ சின்னக் கடிகார முகம் போல ஒரு வட்டம் வார்க்கப்பட்டிருக்கும். சுற்றி 1 முதல் 12 வரை மாத எண்கள், நடுவில் வருடத்தின் கடைசி இரண்டு இலக்கம், மாதத்தைக் காட்டும் அம்பு. அந்தத் தம்பியின் ஷூவில் நடுவில் 19, அம்பு 8-ஐக் காட்டியது. அதாவது 2019 ஆகஸ்ட். பெட்டி ஸ்டிக்கரிலோ 2024 என்று இருந்தது. ஸ்டிக்கரை யாரும் மாற்றி ஒட்டலாம், அச்சில் விழுந்ததை மாற்ற முடியாது. வட்டத்தின் தேதி இரண்டு வருடத்துக்கு மேல் பழையது என்றால் என்ன தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

வட்டம் இல்லாத ஷூவா? சோலின் பக்கவாட்டில் கட்டைவிரல் நகத்தை அழுத்தி எடுங்கள். நல்ல பியூ உடனே மீளும். கெட்டது நகத்தடத்தை அப்படியே வைத்திருக்கும், அல்லது பிசுபிசுக்கும், துகள் உதிரும். பிறகு முனையையும் குதிகாலையும் பிடித்து, விரல் மடியும் இடத்தில் பத்து முறை நன்றாக வளைத்து அந்தக் கோட்டை உற்றுப் பாருங்கள். மயிரிழை விரிசல் தெரிந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். இரண்டு காலையும் சோதிக்க வேண்டும், ஒரே பெட்டியில் வேறு வேறு தேதி ஷூக்கள் வருவதுண்டு. ஆன்லைனில் வாங்கினால், வந்த அன்றே, திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இதையெல்லாம் வீட்டுக்குள் செய்துவிடுங்கள்.

ஏற்கெனவே பிய்ந்துவிட்டதா? ஒட்டுவதற்குக் காசு கொடுக்கும் முன் பிரிந்த இரண்டு பக்கத்தையும் பாருங்கள். வழவழவென்று சுத்தமாகப் பிரிந்து, நுரையும் கெட்டியாக இருந்தால் பசை மட்டும்தான் விட்டிருக்கிறது. சுரண்டி, பசை தடவி, காயவிட்டு, சூடுகாட்டி அழுத்தினால் பிடிக்கும். இரு பக்கமும் நுரைத் துகள் ஒட்டியிருந்தால் நுரையே செத்துவிட்டது. பசை பொடியில்தான் ஒட்டும், தையல் போட்டால் நூல் நுரையை அறுத்துக்கொண்டு வந்துவிடும். அதை மறுபடி போட்டுக்கொண்டு மாடி ஏற வேண்டாம், தயவுசெய்து.

பணத்தைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பில்லில் திருப்பி எடுக்கும் கெடு குறிக்கப்படாவிட்டால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திருப்பி எடுக்க மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். வட்டம், பெட்டி ஸ்டிக்கர், பில் மூன்றையும் ஒரே படத்தில் எடுத்து முதலில் கடைக்கு அனுப்புங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம். பணம் கைக்கு வரும்வரை பெட்டியையும் பொடிந்த சோலையும் குப்பையில் போடாதீர்கள்.