பால்மானி: கணக்கில் திருத்துவதா, பாலைக் குளிர்வித்துப் படிப்பதா?

காலையில் கறந்த பால் 35 டிகிரி சூட்டில் இருக்கிறது. பாலின் அடர்த்தியை அளந்து தண்ணீர் கலந்ததா என்று பார்க்க உதவும் பால்மானி கையில் இருக்கிறது. அது சரியாகக் காட்டும் வெப்பநிலை 15.5 டிகிரி செல்சியஸ் என்று அதன் தண்டில் போட்டிருக்கிறது. இரண்டு வழிகள் உண்டு. சூட்டோடு படித்து, ஒரு டிகிரிக்கு 0.2 வீதம் கூட்டிக்கொள்வது ஒன்று. பாலை 15.5-க்கு அருகே கொண்டுவந்து படிப்பது மற்றொன்று. முதலாவது இரண்டு நிமிட வேலை. இரண்டாவதற்கு அரை மணி நேரம் போய்விடும். சிறிய பண்ணைகளில் பெரும்பாலும் முதல் வழிதான் நடக்கிறது. நானும் பல நாள் அப்படித்தான் செய்தேன்.

வெப்பநிலைக்குப் போகும் முன் தண்டில் எங்கே படிப்பது என்பதை முடித்துவிடுவோம், ஏனென்றால் பால்மானி காட்டும் எண்ணில் இங்கேயே அரை டிகிரி தொலைந்துபோகும்.

பால் தண்டை ஒட்டிக் கொஞ்சம் மேலேறி நிற்கும். அந்த வளைவைத்தான் மெனிஸ்கஸ் என்கிறோம். தண்ணீரில் என்றால் கண்ணாடி ஜாடி வழியாகப் பார்த்து வளைவின் அடி மட்டத்தைப் படித்துவிடலாம். பாலில் அது தெரியாது. தெரிவது வளைவின் மேல் விளிம்பு மட்டுமே. அதனால் பாலுக்கென்றே செய்த பால்மானிகளில் சில, மேல் விளிம்பில் படிக்கும்படியே அளவிடப்பட்டிருக்கும். மற்றவை திரவ மட்டத்தில் படிக்கும்படி அளவிடப்பட்டவை. இவற்றில் மேல் விளிம்பைப் படித்துவிட்டு 0.5 கூட்டுவது வழக்கம். அளவுகோலின் எண்கள் கீழே போகப் போகப் பெரிதாவதால், மேல் விளிம்பில் எண் குறைவாகத் தெரியும், அதனால்தான் கூட்டுகிறோம்.

வாங்கும்போது எது என்று கேட்டால், மேல் விளிம்பு வகைதான் என்பேன். ஒரு திருத்தம் குறையும், மறப்பதற்கும் ஒன்று குறையும். ஆனால் தண்டிலோ உடன் வரும் தாளிலோ எழுதியிருப்பதைப் படித்துப் பார்க்க வேண்டும். நான் ஒருமுறை மேல் விளிம்பு வகையில் பழக்க தோஷத்தால் தினமும் 0.5 கூட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் நீர்த்த பால்கூடத் தேறிவிட்டது.

இன்னொரு பொறி உப்புத் தண்ணீர். 40 கிராம் உப்பை 960 கிராம் தண்ணீரில் கரைத்தால், 20 டிகிரியில் அடர்த்தி கிட்டத்தட்ட 1.027 வரும், பால்மானியின் எண்ணில் அது 27. அதில் பால்மானியைச் சோதிக்கலாம் என்று தோன்றும். உடைந்த, காகித அளவுகோல் நழுவிய கருவியைக் கண்டுபிடிக்க அது போதும். அரை டிகிரி பிழையைக் கண்டுபிடிக்கப் போதாது. தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசை பாலைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அது தண்டைக் கீழே இழுக்கும். 5 மி.மீ. தடிமன் தண்டென்றால், கணக்குப்படி 2 மி.மீ. அளவுக்கு அதிகம் மூழ்கும். பல பால்மானிகளில் அது முக்கால் டிகிரிக்குக் குறையாது. எண்ணெய் பிசுக்கு பிடித்த தண்டில் வளைவே சரியாக ஏறாது. விளிம்பு ஒரு பக்கம் உயர்ந்தும் ஒரு பக்கம் தாழ்ந்தும் நின்றால், கருவியைக் கழுவித் துடைத்துவிட்டு மறுபடி போடுங்கள்.

சரி, இனி சூட்டுக்கு வருவோம்.

ஒரு டிகிரி செல்சியஸுக்கு 0.2 என்ற விதி எங்கிருந்து வருகிறது? பால் விரிவதிலிருந்து. பாலில் பெரும்பகுதி தண்ணீர், அந்தத் தண்ணீர் எல்லாச் சூட்டிலும் ஒரே வேகத்தில் விரிவதில்லை. 15 டிகிரியில் ஒவ்வொரு டிகிரிக்கும் ஆயிரத்துக்கு 0.15 வீதம் விரியும். 30 டிகிரியில் அது 0.3 ஆகிவிடும். இதோடு வெண்ணெய்க் கொழுப்பும் உருகி விரியும். ஆக, 15 டிகிரிப் பக்கத்தில் பொருந்தும் விதியை 35 வரை நீட்டினால் கூட்டுவது போதாது. திருத்தம் குறைந்தால் நல்ல பாலும் நீர்த்த பாலாகத் தெரியும்.

ஒரே பாலை இரண்டு விதமாகவும் அளந்தால் எப்படி இருக்கும் என்று பாருங்கள். கொழுப்பு 4.0. கருவி திரவ மட்டத்தில் அளவிடப்பட்டது, 15.5 டிகிரிக்கு உரியது. 35 டிகிரியில் மேல் விளிம்பு 25.0 காட்டுகிறது. 0.5 கூட்டினால் 25.5. வெப்ப வித்தியாசம் 19.5, அதை 0.2-ஆல் பெருக்கினால் 3.9. மொத்தம் 29.4. அதே பாலின் மறுபாதியை 40 டிகிரிக்குச் சூடாக்கி, ஐந்து நிமிடம் வைத்து, குளிர்ந்த தண்ணீர் வாளியில் 16 டிகிரிக்கு இறக்கினால் மேல் விளிம்பு 30.0 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 0.5 கூட்டி, அரை டிகிரி வெப்பத்துக்கு 0.1 கூட்டினால் 30.6. இப்போது ரிச்மண்ட் சூத்திரத்தில் போடுவோம். இதில் SNF என்பது கொழுப்பு நீங்கிய திடப்பொருள், CLR என்பது திருத்திய பால்மானி எண், F என்பது கொழுப்பு, திடப்பொருளும் கொழுப்பும் சதவீதத்தில்:

```
SNF = CLR/4 + F/5 + 0.14
29.4 -> 7.35 + 0.80 + 0.14 = 8.29
30.6 -> 7.65 + 0.80 + 0.14 = 8.59
```

கொழுப்பு நீங்கிய திடப்பொருள் 8.5 வேண்டும் என்று வரம்பு வைத்திருந்தால், முதல் கணக்கில் பால் தோற்கிறது, இரண்டாவதில் தேறுகிறது. 30 காட்டும் பாலில் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் கலந்தால் 27-க்கு இறங்கும். அதாவது 1.2 டிகிரி என்பது நூற்றுக்கு நாலு பங்கு தண்ணீருக்குச் சமம். தண்ணீரே ஊற்றாத ஆளைச் சந்தேகிக்க அது தாராளமாகப் போதும்.

40 டிகிரிக்கு ஏன் சூடாக்க வேண்டும் என்று கேட்கலாம். இரவெல்லாம் குளிரில் இருந்த பாலில் கொழுப்பு உறைந்திருக்கும், உறைந்த கொழுப்பு அடர்த்தி கூடியது. கறந்தவுடன் பாலில் காற்றுக் குமிழிகளும் இருக்கும், கொழுப்பு இன்னும் உறைந்திருக்காது, எனவே அடர்த்தி குறைவாகத் தெரியும். சில மணி நேரத்தில் அதே பால் அரை டிகிரியிலிருந்து ஒரு டிகிரி வரை ஏறிவிடும். சூடாக்கி இறக்கினால் எல்லாப் பாலும் கிட்டத்தட்ட ஒரே நிலைக்கு வந்துவிடும், ஒப்பிடவும் முடியும். சூட்டோடு படிக்கும் வழியில் இதற்கு மருந்தே இல்லை.

ஆனாலும் எல்லாக் கேனுக்கும் அரை மணி நேரம் யாராலும் செலவழிக்க முடியாது. கருவியின் வெப்பநிலையிலிருந்து மூன்று நான்கு டிகிரிக்குள் பால் இருந்தால் 0.2 விதியை நம்பலாம். பால் அதைவிடக் குளிர்ந்திருந்தால் கழிக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது. அதற்கு வெளியே போனால், அந்தக் கருவிக்கென்று அச்சிட்ட திருத்த அட்டவணையைப் பார்க்கலாம். வரம்புக்கு அருகே நிற்கும் பாலை மட்டும் வாளித் தண்ணீரில் இறக்கிப் படித்தால் போதும்.

என் விருப்பம் வேறு. பால் வழக்கமாக 28 டிகிரியில் வருகிற இடத்தில் 15.5 கருவியோடு மல்லுக்கட்டாமல், 27 டிகிரி கருவியை வாங்கிவிடலாம். அப்போது திருத்தமே 0.2 அளவில்தான் வரும். ஒரு நிபந்தனை உண்டு: மேலே உள்ள சூத்திரத்தின் 0.14 என்ற எண் 15.5 டிகிரிக் கருவிக்கு உரியது. கருவியை மாற்றினால் அதற்குரிய சூத்திரத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

படிக்கும் முறையில் ஒன்று மட்டும் சொல்கிறேன். பாலை நுரைக்காமல் ஜாடிச் சுவரோடு ஒழுகவிட்டு விளிம்பு வரை நிரப்புங்கள். கருவியை இறக்கும்போது கொஞ்சம் வழிந்தால் நுரையும் சேர்ந்து போய்விடும். தண்டைச் சுவர் மறைக்காது, கண்ணும் விளிம்பும் ஒரே மட்டத்தில் நிற்கும். லேசாகச் சுழற்றிவிட்டு, அது நின்றதும் படியுங்கள். ஐந்து நிமிடம் பேசிக்கொண்டு நின்றால் ஆடை மேலே ஏறத் தொடங்கி, தண்டு வேறு எண்ணைக் காட்டும்.